பெயர் வரிசைக்கு ஒரு பத்தி

இரண்டு கல்வி நிறுவனங்கள் சேர்ந்து ஆய்வு செய்ய ஒப்பந்தம் போடும்போது, பணம் எந்தத் தவணையில் வரும், கருவி யாருக்குச் சொந்தம், காப்புரிமை கிடைத்தால் எப்படிப் பங்கு என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆய்வுக் கட்டுரையில் யார் யார் பெயர் வரும், எந்த வரிசையில் வரும் என்பதற்குப் பெரும்பாலும் இரண்டே வாக்கியம்தான். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இக்கூட்டாய்வின் வெளியீடுகளில் இரு தரப்பினரின் பங்களிப்பும் உரிய முறையில் அங்கீகரிக்கப்படும். ஆசிரியர்களின் பெயர் வரிசை பரஸ்பர ஒப்புதலின் பேரில் தீர்மானிக்கப்படும்.”

கையெழுத்துப் போடும் நாளில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. “உரிய முறை” எது என்று சொல்லவில்லை. ஒப்புதல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. ஒப்புதல் இருக்கும்வரை ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் அவசியம் வராது. அது உடைந்த அன்றுதான் இந்தப் பத்தியைத் தேடுவார்கள். அப்போது அது கைகொடுக்காது.

இந்தப் பத்தியைத் திருத்தி எழுதுவது எப்படி என்று பார்க்க, கற்பனையாக ஒரு கூட்டாய்வை எடுத்துக்கொள்வோம். ஒரு மருத்துவக் கல்லூரியின் அறுவைசிகிச்சைத் துறையும், ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையும் சேர்கின்றன. சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண், ஒருவகைச் சிறப்புக் காலணியால் சீக்கிரம் ஆறுகிறதா என்பது கேள்வி. நோயாளிகள் 240 பேர், காலம் 18 மாதம். யோசனை அறுவைசிகிச்சைப் பேராசிரியருடையது. கணக்கீடு முழுவதையும் புள்ளியியல் துறையின் முனைவர் பட்ட மாணவி ஒருவர் செய்கிறார். முதல் வரைவையும் அவரே எழுதப் போகிறார். அவருடைய வழிகாட்டி இன்னொரு பேராசிரியர். புண்ணின் அளவை வாரந்தோறும் எடுப்பவர் ஒரு செவிலியர். தாளை வைத்து ஓரம் வரைந்து அளக்கும் முறையில் ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது என்று கண்டு, ஒளிப்படத்தில் அளவுகோலைச் சேர்த்து அளக்கும் முறைக்கு மாற்றியவரும் அவரே. இவர்களோடு, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்ட துறைத்தலைவர் ஒருவர். காலணிகளை இலவசமாகக் கொடுத்த நிறுவனம் ஒன்று.

பழைய பத்தியை வைத்துக்கொண்டு இந்த ஆறு தரப்பின் இடத்தையும் சொல்ல முடியுமா? ஒருவருடையதைக்கூடச் சொல்ல முடியாது.

முதலில் ஒரு சிக்கல்: வரிசைக்கு எல்லாத் துறையிலும் ஒரே அர்த்தம் கிடையாது. மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்தும் மூத்தவருடையது. நடுவில் இருப்பவர்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசை வழக்கம். அங்கே கடைசிப் பெயர் கடைசி எழுத்தில் பிறந்த பெயர், அவ்வளவுதான். நம் கூட்டாய்வில் வழிகாட்டி கணிதப் பின்னணியில் வந்தவர் என்று வையுங்கள். “அகரவரிசையில் போட்டுவிடலாமே” என்று அவர் சொல்வது அவருக்கு நியாயம். மருத்துவருக்கு அது தன் இடத்தைப் பறிப்பது. இருவரும் நல்ல மனிதர்களாகவே இருந்துகொண்டு சண்டை போடலாம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் வரிசைக்கு இரு வீட்டிலும் இரு வழக்கம் இருப்பது போலத்தான் இதுவும்.

அகரவரிசை சண்டையைத் தவிர்க்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் நடுநிலையானது அல்ல. பொருளியலாளர்கள் லிரான் ஐனாவும் லீட் யாரிவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் குடும்பப் பெயர் அகரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். அகரவரிசை வழக்கம் இல்லாத உளவியல் துறையில் அப்படி எதுவும் தென்படவில்லை. நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் இருக்கிறது. அதை ஒரு தரவுத்தளம் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று தகப்பனார் பெயரை விரித்து எழுதச் சொல்லும். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் முன்னாலும் அடுத்த கட்டுரையில் பின்னாலும் போய்விடுவார். ஆகவே “அகரவரிசை” என்று ஒப்பந்தத்தில் எழுதினால், எந்தப் பெயரின் எந்த எழுத்து என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயர் அச்சில் எப்படி வரவேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்து, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

இனி பத்தியைத் திருத்துவோம். என் பார்வையில் முதலில் எழுத வேண்டியது பெயர்களை அல்ல, கட்டுரைகளை. இந்த ஒப்பந்தத்திலிருந்து எத்தனை கட்டுரை வரும்? நம் ஆய்வில் இயல்பாகவே இரண்டு இருக்கின்றன: காலணியால் புண் ஆறியதா என்னும் முடிவுக் கட்டுரை ஒன்று, வாரந்தோறும் மாறும் புண் அளவைக் கணக்கிட மாணவி உருவாக்கிய புள்ளியியல் முறை பற்றிய கட்டுரை இன்னொன்று. ஒரே முதல் இடத்துக்கு இரண்டு துறை முட்டிக்கொள்வதில் பாதி, ஒரே ஒரு கட்டுரையை மனதில் வைத்துக்கொண்டு முட்டுவதுதான். இரண்டாவது கட்டுரையும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பேச்சு இலகுவாகும். சண்டையைத் தீர்ப்பதற்காக ஒரு முடிவை மூன்று துண்டாக வெட்டி மூன்று கட்டுரை போடுவது வேறு விஷயம். அதை இதழ்களே ஏற்காது.

ஆக, முதல் வாக்கியம்: “இவ்வாய்விலிருந்து இரண்டு கட்டுரைகள் திட்டமிடப்படுகின்றன. சிகிச்சை முடிவு பற்றிய கட்டுரைக்கு மருத்துவக் கல்லூரியும், கணக்கீட்டு முறை பற்றிய கட்டுரைக்குப் பல்கலைக்கழகமும் முன்னின்று பொறுப்பேற்கும். வேறு கட்டுரை எழுத விரும்புபவர், எழுதத் தொடங்கும் முன் இரு தரப்புத் தலைவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.”

அடுத்தது யார் ஆசிரியர் என்பது. இதற்குச் சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1978இல் வான்கூவரில் கூடிய சில மருத்துவ இதழாசிரியர்களிடமிருந்து வளர்ந்த சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு, நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ, அலசுவதிலோ குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது அதன் உள்ளடக்கத்தைத் தீவிரமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் எந்தப் பகுதியின் நேர்மை பற்றிக் கேள்வி வந்தாலும் பதில் தேடித் தரும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நான்காவது 2013இல் சேர்க்கப்பட்டது. பணம் பெற்றுத் தந்ததோ, பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ மட்டும் போதாது என்று அந்தக் குழு தெளிவாகச் சொல்கிறது.

இந்த அளவுகோலில் துறைத்தலைவர் ஆசிரியர் அல்ல. அவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. காலணி நிறுவனத்துக்கும் அப்படியே. அவர்கள் பொருள் கொடுத்ததைக் கட்டுரை வெளிப்படையாகச் சொல்லியும் ஆக வேண்டும்.

செவிலியர்தான் இங்கே கவனிக்க வேண்டியவர். தரவு திரட்டியதோடு அளவீட்டு முறையையே மாற்றியவர் என்பதால் முதல் நிபந்தனை அவருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இரண்டாவது நிபந்தனையில் ஒரு பொறி இருக்கிறது. வரைவை அவருக்கு யாரும் அனுப்பவே இல்லை என்றால் அவர் திருத்தியிருக்க முடியாது; திருத்தாததால் ஆசிரியர் ஆகமாட்டார். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வரவில்லையே என்று கேட்பது இது. அந்தக் குழுவே, முதல் நிபந்தனையை நிறைவு செய்பவர்களுக்கு மற்றவற்றில் பங்குபெற வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வெறுமனே “சர்வதேச நெறிமுறைகள் பின்பற்றப்படும்” என்று எழுதினால் இந்த வாய்ப்பு காற்றில் போய்விடும். அதனால் இப்படி எழுதலாம்:

“ஆசிரியர் தகுதிக்கு மருத்துவ இதழாசிரியர் குழுவின் நான்கு நிபந்தனைகளும் பொருந்தும். முதல் நிபந்தனையை நிறைவு செய்யும் ஒவ்வொருவருக்கும், பதவி எதுவாயினும், கட்டுரையின் வரைவு அனுப்பப்பட்டு, படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தரப்படும். வரைவு அனுப்பப்படாத ஒருவரை இரண்டாம் நிபந்தனையைக் காட்டி நீக்க முடியாது.”

“பதவி எதுவாயினும்” என்ற இரண்டு சொல்லை எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால், அவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக வரிசை. இங்கே பலர் செய்வது, ஆட்களின் பெயரை வரிசைப்படி எழுதிவிடுவது. 18 மாதத்தில் ஆள் மாறும், வேலை மாறும், அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும். இடத்தை ஆளோடு கட்டாமல் வேலையோடு கட்டுவதே சரி: “முதல் பெயர், முக்கியக் கணக்கீட்டையோ ஆய்வின் நடைமுறையையோ முன்னின்று செய்து, முதல் முழு வரைவையும் எழுதியவருடையது. கடைசிப் பெயர், அந்தக் கட்டுரைக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் திட்டத் தலைவருடையது. மற்ற நிறுவனத்தின் தலைவர் தொடர்பு ஆசிரியராக இருப்பார். இரண்டாம் கட்டுரையில் இவ்விரு பொறுப்பும் மாறிவரும். நடுவில் உள்ள பெயர்கள் பங்களிப்பின் அளவுப்படி வரும். அளவில் உடன்பாடு இல்லையெனில், அவரவர் எழுதிக் கொடுத்த அச்சுப் பெயரின் அகரவரிசைப்படி வரும்.”

இப்படி எழுதினால் இரண்டு கட்டுரையிலும் மாணவி முதல் பெயராக வருவார். மருத்துவமனைப் பக்கம் முகம் சுளிக்கலாம். அங்கே ஒரு மேற்படிப்பு மருத்துவர் சிகிச்சை முழுவதையும் கவனித்துக்கொண்டு, முடிவுக் கட்டுரையின் பாதியை எழுதுகிறார் என்றால், இருவரையும் சமப் பங்களிப்பாளராக்கிப் பெயரின் மேல் ஒரு குறி போடும் வழி இருக்கிறது. அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பிறர் மேற்கோள் காட்டும்போது முதலில் அச்சான பெயரைச் சொல்லி “மற்றும் பிறர்” என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சின்னக் குறியை யாரும் கூடவே தூக்கிக்கொண்டு போவதில்லை. சமமான இருவரில் யார் முன்னால் என்பதற்கும் விதி வேண்டும். பூச்சிகளின் ஒட்டுண்ணிகள் பற்றி ஆராய்ந்த மைக்கேல் ஹாசலும் ராபர்ட் மேயும் 1974இல் ஒரு கட்டுரையில், 25 ஆட்டம் குரோக்கே விளையாடிப் பெயர் வரிசையை முடிவு செய்ததாக அடிக்குறிப்பிலேயே எழுதினார்கள். நாணயம் சுண்டினாலும் தப்பில்லை. சுண்டப்போவதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரிசை ஒன்றும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 1928இல் நேச்சர் இதழில் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த கடிதத்தில் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். யார் எதைச் செய்தார் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதும் வழக்கம் அன்று இல்லை. இன்று இருக்கிறது. கிரெடிட் என்னும் பங்களிப்பு வகைப்பாடு 14 வேலைகளைப் பிரித்துச் சொல்கிறது: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், நேரடி ஆய்வுப்பணி, தரவுப் பராமரிப்பு, சரிபார்ப்பு, நிதி திரட்டல், முதல் வரைவு, திருத்தம் என்று போகும். 2022இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆனது. பல இதழ்கள் கட்டுரையோடு இதைக் கேட்கின்றன. ஒரே வேலையைப் பலர் செய்தால், முன்னின்றவர் யார், துணைநின்றவர் யார் என்றும் குறிக்கலாம்.

இதைத் தவறாகப் பயன்படுத்துவதும் எளிது. 14இல் ஒரு கட்டம் நிரம்பிவிட்டால் ஆசிரியர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; “நிதி திரட்டல்” என்ற கட்டம் துறைத்தலைவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கிரெடிட் பட்டியல் வேலையை விவரிக்கும். தகுதியை முடிவு செய்யாது. தகுதிக்கு நான்கு நிபந்தனைகளே. இந்த இரண்டையும் ஒப்பந்தம் தனித்தனி வாக்கியங்களில் வைக்க வேண்டும்.

பட்டியலை எப்போது நிரப்புவது? கட்டுரை எழுதி முடித்தபின் நிரப்பினால் ஒவ்வொருவருக்கும் தன் வேலை மட்டும் பெரிதாக ஞாபகம் இருக்கும். மூன்று முறை நிரப்பலாம்: தொடக்கத்தில், தரவுப் பதிவு முடிந்து கணக்கீடு தொடங்கும் முன், இதழுக்கு அனுப்பும் முன். ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் எல்லோருக்கும் போக வேண்டும். நம் செவிலியர் அளவீட்டு முறையை மாற்றியது நான்காவது மாதத்தில் என்றால், இரண்டாவது முறை நிரப்பும்போது “முறையியல்” என்ற கட்டத்தில் அவர் பெயர் ஏறிவிடும். பதினெட்டாவது மாதம் அதை நிரூபிக்க யாரும் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தோண்ட வேண்டியதில்லை.

ஒப்பந்தம் எழுதுவோர் இங்கே “பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கொள்ளப்படும்” என்று ஒரு வாக்கியத்தைச் செருகுவது வழக்கம். மற்ற விஷயங்களில் அது வசதி. இங்கே ஆகாது. இறுதி ஒப்புதல் என்பது ஆசிரியராக இருப்பதற்கே ஒரு நிபந்தனை. மௌனத்தை ஒப்புதலாக்கி ஒருவரை ஆசிரியராக்க முடியாது. மௌனத்தைக் காட்டி ஒரே நாளில் நீக்கவும் கூடாது. நினைவூட்டல் அனுப்பி, அவருடைய நிறுவனத்தின் வழியாகவும் தேடி, 30 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால், அவர் செய்த வேலையைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் விவரித்துவிட்டு மேலே போகலாம் என்று எழுதுவது நியாயமாக இருக்கும்.

ஆள் விலகினாலும் வேலை விலகாது என்றும் ஒரு வரி வேண்டும். மாணவி பட்டம் வாங்கிப் போனபின் வரைவு அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலுக்குப் போக வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் முடங்கியிருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் பெயரை வைத்துக்கொண்டு எழுதாமலே காலம் கடத்துபவரால் மற்ற எல்லோருடைய உழைப்பும் கிடப்பில் கிடக்கும். “கணக்கீடு முடிந்து ஆறு மாதத்துக்குள் முழு வரைவு வராவிட்டால், 30 நாள் எழுத்து அறிவிப்புக்குப் பின் எழுதும் பொறுப்பும் முதல் இடமும் வேறொருவருக்கு மாறும், முன்னவர் தகுதியின்படி ஆசிரியராகத் தொடர்வார்.”

இவ்வளவுக்குப் பிறகும் உடன்பாடு எட்டாவிட்டால்? இதழிடம் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இதழ்கள் இதில் தீர்ப்புச் சொல்வதில்லை; ஆசிரியர்களோ அவர்களின் நிறுவனங்களோ பேசி முடித்துவிட்டு வரும்வரை கட்டுரையை நிறுத்தி வைக்கும். நீதிமன்றமும் இதற்கு அவ்வளவு உதவாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, படைப்பாளி தன்னைப் படைப்பாளி என்று கோரும் உரிமையைக் காக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையில் படைப்பாளி என்பவர் கட்டுரையை எழுதியவர். 240 காலில் புண்ணை அளந்தவர் அதற்குள் வரமாட்டார். யோசனைக்கும் அளவீட்டுக்கும் உரிய பெயரைக் காக்கக்கூடியது இந்த ஒப்பந்தப் பத்தி மட்டும்தான் என்பதால், முடிவு சொல்லும் ஒருவரையும் அதற்குள்ளேயே வைக்க வேண்டும். இரு தரப்பையும் சேராத, ஆய்வில் பங்கில்லாத ஒரு மூத்த ஆய்வாளரை இரு தலைவர்களும் சேர்ந்து தொடக்கத்திலேயே தேர்ந்து, பெயரை எழுதிவிட வேண்டும். அவர் மூன்று முறை நிரப்பிய பட்டியல்களையும் வரைவுகளையும் பார்த்து 30 நாளில் எழுத்தில் முடிவு சொல்வார், அது இறுதியானது.

கடைசியாக ஓர் ஓட்டை. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள் இரு நிறுவனங்களின் பதிவாளர்களும் முதல்வர்களும். மாணவியும் செவிலியரும் ஒப்பந்தத்தின் தரப்பே அல்ல. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் பொதுவாக அதை வைத்து வழக்குப் போட முடியாது. பல நேரங்களில் அப்படி ஒரு பத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனவே: “பங்களிப்புப் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் இப்பத்தியின் நகல், அவர் வேலையைத் தொடங்கிய 15 நாளுக்குள் தரப்படும். அவர்களில் யாரும், தம் மேலதிகாரி வழியாக அல்லாமல், நடுவரிடம் நேரடியாக முறையிடலாம்.”

இரண்டு வாக்கியமாக இருந்தது இப்போது ஏறத்தாழ ஒரு பக்கம் ஆகிறது. நிறுவனத்தின் சட்டப் பிரிவு இதை நீளம் என்று சொல்லி, முக்கிய ஒப்பந்தத்திலிருந்து எடுத்துப் பின்னிணைப்பாகப் போடச் சொல்லலாம். தாராளமாகப் போடலாம். பின்னிணைப்பும் ஒப்பந்தத்தின் பகுதியே என்ற வரி முன்பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.